மண்டபத்தில் முதல் நாள், பதினோரு பெயர்கள்

மூன்று வருஷம் எனக்குத் தினமும் இரண்டு வேளை டீ கொண்டுவந்து வைத்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. அது எனக்கே தெரியவந்தது அவர் வேலையை விட்டுப் போகிற அன்றைக்குத்தான். அப்போது வேறொரு ஊரில், வேறொரு அலுவலகத்தில் இருந்தேன். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு, ஒரு கவரில் வைத்து, “மேல பேர் எழுதிக் குடும்மா, உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும்” என்று என்னிடம் நீட்டினார்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷமும் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். பக்கத்து சீட்டில் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ‘அன்பு அண்ணனுக்கு’ என்று எழுதினேன். அவர் கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவரிடமும் வந்து போயிட்டு வர்றேன் என்றார். என்னிடம் சொன்னபோது என் பெயரைச் சொல்லிச் சொன்னார்.

போன ஜூனில், ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் என்ற ஊரில் ஒரு நண்டுக் கம்பெனியில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தபோது, அந்தக் கவர்தான் என் மனசில் இருந்தது. முதல் நாளே அத்தனை பேருக்கும் முகம் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும், அத்தனை பேரின் பெயரும் அன்று ராத்திரிக்குள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். ஞாபகசக்தி அதிகம் உள்ளவள் இல்லை நான். அதனால் எப்படிச் செய்வது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. இங்கே வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் இந்தக் கடற்கரையில் என்ன மாதிரிப் பெயர்கள் வருமோ, அந்த மாதிரிதான் மாற்றியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாமலே வருஷக்கணக்கில் பழகிவிட நம் பேச்சு இடம் கொடுக்கிறது. சார், மேடம், அண்ணே, அக்கா, தம்பி, பாய் என்று சொல்லிக்கொண்டே ஓட்டிவிடலாம். மரியாதையும் குறையாது, பாசமும் இருக்கும், பெயர் மட்டும் வராது. பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், தெரியவில்லை என்பது இரண்டாம் நாளே பல்லைக் காட்டிவிடும். இங்கே காட்டாது. அதனால் முதல் வாரத்தில் தப்பவிட்ட பெயரை ஆறு மாதம் கழித்துக் கேட்க வாய் வராமல் போகிறது. எனக்கு நடந்தது அதுதான்.

சேருவதற்கு இரண்டு நாள் முன்னால் மேனேஜருக்கு போன் செய்து, எந்தெந்த சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். கூடவே, “ஆபீஸ்ல மொத்தம் எத்தனை பேர் சார்? பேரைச் சொன்னீங்கன்னா எழுதி வச்சுக்குவேன்” என்றேன். அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார், ஆனால் சொன்னார். நண்டு உரிக்கிற பெண்கள் தனி, அவர்கள் நாளுக்கு நாள் கூடுவார்கள் குறைவார்கள். மாதச் சம்பளத்தில் இருப்பது அவரையும் சேர்த்துப் பதினோரு பேர். அன்று ராத்திரி அந்தப் பதினோரு பெயரையும் வாய்விட்டு நாலைந்து தடவை படித்தேன். முகம் எதுவும் தெரியாது. ஆனாலும் பெயரும் முகமும் ஒரே நொடியில் புதிதாக வந்து விழுவதற்கும், பெயர் முன்னமே காதில் விழுந்திருந்து முகம் மட்டும் புதிதாக வருவதற்கும் வித்தியாசம் இருந்தது. ஜெய்னுலாப்தீன் என்று ஒருவர் சொன்னால், ‘என்ன சொன்னீங்க?’ என்று திரும்பக் கேட்கும் நிலைமை வரவில்லை. ஏற்கெனவே தெரிந்த பெயர்தான், இவர்தானா அது என்று பார்க்கத் தோன்றியது.

அந்தப் பட்டியலில் ஒரு சிக்கலும் இருந்தது. இரண்டு முனியசாமி. ராமநாதபுரம் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

முதல் நாள் கேட்டில் பார்த்தது வாட்ச்மேனை. அறுபது வயதிருக்கும், நீல நிறச் சட்டை, கையில் பிளாஸ்டிக் கூடை. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். வணக்கம் சொல்லி, என் பெயரைச் சொல்லி, இன்றைக்கு வேலையில் சேர வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, “உங்க பேருண்ணே?” என்றேன். “சந்தியாகு” என்றார். “தங்கச்சிமடமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கோயில் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் அதிகம். “ஆமாத்தா, கோயிலுக்குப் பக்கத்துலதான் வீடு” என்றார். உள்ளே போவதற்குள் ஒரு பெயர் என்னிடம் வந்துவிட்டது, இனி அது போகாது என்றும் தெரிந்தது.

அது ஏன் போகாது என்பதை எழுத வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. 1987-இல் பிரிட்டனில் மெக்வீனி, யங், ஹே, எல்லிஸ் என்ற நான்கு பேர் ஒரு சோதனை செய்தார்கள். அறிமுகமில்லாத முகங்களைக் காட்டி, ஒவ்வொருவரின் பெயரையும் தொழிலையும் சொல்லிப் பிறகு கேட்டார்கள். அதில் ஒரு நுணுக்கம் வைத்தார்கள். ஆங்கிலத்தில் பேக்கர் என்றால் ரொட்டி சுடுகிறவர், அதே சொல் குடும்பப் பெயராகவும் இருக்கிறது. சிலருக்கு ‘இவர் பெயர் பேக்கர்’ என்றார்கள், சிலருக்கு ‘இவர் தொழில் பேக்கர்’ என்றார்கள். அதே சொல், அதே ஓசை. தொழில் என்று கேட்டவர்களுக்கு நினைவு வந்தது, பெயர் என்று கேட்டவர்களுக்கு வருவது கஷ்டமாக இருந்தது. தொழில் என்றதும் அடுப்பு, மாவு, விடிகாலை வேலை என்று பத்து விஷயம் மனசில் ஒட்டிக்கொள்கிறது. பெயர் என்றால் அது ஒரு ஓசை மட்டும், ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை.

சந்தியாகு என்ற ஓசைக்கு ஒட்டிக்கொள்ள ஒரு கோயிலும் ஓர் ஊரும் கிடைத்தன. இந்தக் கடற்கரையில் பெயர்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு பிடிமானம் உண்டு. ராமேஸ்வரத்தில் நம்புநாயகி அம்மன் கோயில் இருக்கிறது, அதனால் நம்பு, நம்புராஜன், நம்புசெல்வம் என்று அங்கே நிறையப் பேர் இருப்பார்கள். எங்கள் ஸ்டோர் பார்க்கிறவர் நம்புராஜன், ராமேஸ்வரம். மதுரையிலோ சென்னையிலோ ஒரு கார்த்திக்கை நினைவில் வைக்க எதைப் பிடிப்பது என்று தெரியாது. இங்கேயும் ஒரு கார்த்திக் இருந்தார். எனக்கு மிகவும் சிரமம் கொடுத்தது அந்தச் சுலபமான பெயர்தான்.

ஆனால் ‘எந்த ஊரு?’ என்று கேட்பதில் ஒரு முள் இருக்கிறது. நம் பக்கத்தில் அந்தக் கேள்வியோடு நிறுத்தினால் பரவாயில்லை. அடுத்து ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று கேட்டால், எதற்காகக் கேட்கிறோம் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும், சாதியைத் துருவுகிறோம் என்று. அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் எத்தனையோ இடங்களில் சகித்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள். முதல் நாளில் ஒரு புதிய ஆள் அதைக் கேட்கவே கூடாது. அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “தினம் எந்த பஸ்ல வர்றீங்க, எங்க ஏறுறீங்க?” என்று கேட்டேன். வேலைக்கு வருகிற எல்லாரும் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது, பதில் சொல்ல யாரும் தயங்குவதில்லை. ஊர் தானாக வந்துவிடுகிறது. பஸ் நேரம், கூட்டம், பாம்பன் பாலத்தில் நிற்க வைத்த கதை எல்லாம் கூடவே வருகிறது. அதில் ஏதாவது ஒன்று பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

உள்ளே போனதும் மேனேஜர், “எல்லாரும் பத்து மணி டீக்கு வருவாங்க, அப்ப வட்டமா நின்னு ஒவ்வொருத்தரா சொல்லிடலாம்” என்றார். அலுவலகங்களில் இது வழக்கம். பெயர்கள் தொலைந்து போவதும் இந்த வட்டத்தில்தான். 1973-இல் பிரென்னர் என்பவர், ஆட்களை ஒன்றாக உட்கார வைத்து, முறை வைத்து ஆளுக்கு ஒரு சொல்லைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். பிறகு நினைவிருப்பதைக் கேட்டபோது, தனக்குச் சற்று முன்னால் படித்தவர்களின் சொற்கள்தான் ஒவ்வொருவருக்கும் நழுவிப் போயிருந்தன. தன் முறை வரப்போகிறது என்றதும் காது அடைத்துப்போகிறது. வட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவரைக் கடைசியில் பேசச் சொல்வது ஒரு மரியாதை. ஆனால் அப்படி நின்றால் அத்தனை பேர் பேசும்போதும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதே எனக்குள் ஓடும். முக்கியமாக எனக்கு முன்னால் நிற்கிற இரண்டு மூன்று பேரின் பெயர் நிச்சயம் போய்விடும்.

அதனால் டீ வந்ததும் நானே முந்திக்கொண்டேன். “நான் முதல்ல சொல்லிடறேன் சார்” என்று சொல்லி, பெயர், சொந்த ஊர் பரமக்குடி, ராமநாதபுரத்தில் தங்கியிருக்கிறேன், கணக்குக்கு வந்திருக்கிறேன் என்று நான்கு விஷயத்தோடு முடித்துவிட்டேன். பழைய வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீளமாகச் சொன்னால் சொன்னது சரியா தப்பா என்று அதற்குப் பிறகும் மனசு அதிலேயே நிற்கும். அதன்பின் என் வேலை கேட்பது மட்டும்தான்.

அப்படியும் வட்டத்திலேயே பதினோரு பெயரும் முகத்தோடு பதிந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஐந்து பதிந்தன. வட்டம் முடிந்ததும் என் சீட்டுக்குப் போய் ஒரு தாளில் அறையை வரைந்தேன், கதவு, ஜன்னல், மேஜைகள். தெரிந்த ஐந்து பேரை அவரவர் இடத்தில் எழுதினேன், மீதி இடங்களை வெறும் கட்டமாக விட்டேன். வெறும் கட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணுக்குத் தெரிந்ததே பெரிய உதவி. பிறகு அந்தக் கட்டங்களைத் தேடிப் போய் ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிஷம் நின்றேன், ஏற்கெனவே கையில் ஒரு வேலை இருந்தது, வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்க்கிற வேலை. கையில் ஒரு காரணத்தோடு போனால் பேச்சு இயல்பாக வருகிறது.

பெரியவர்களைப் பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுவது என்று சிலர் தயங்குவார்கள். நம் தமிழில் அதற்கும் வழி இருக்கிறது. பெயரோடு உறவைச் சேர்த்துச் சொன்னால் போதும். காளீஸ்வரி அக்கா, நம்புராஜன் அண்ணே, பாக்கியம் அம்மா. வெறும் ‘அக்கா’வில் ஒளிந்துகொண்ட பெயர் இதில் வெளியே வந்துவிடுகிறது, மரியாதையும் அப்படியே இருக்கிறது. முதல் நாளில் நான் யாரிடம் பேசினாலும், பேச்சைத் தொடங்கும்போது ஒரு தடவையும் முடித்துக் கிளம்பும்போது ஒரு தடவையும் பெயரைச் சேர்த்துச் சொன்னேன். நடுவில் அடிக்கடி சொன்னால் செயற்கையாகத் தெரியும், வேண்டாம்.

யாரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதிலும் கவனம் வேண்டியிருந்தது. சம்பளப் பதிவேட்டில் இருக்கிற பெயர் வேறு, கூப்பிடுகிற பெயர் வேறு. தரம் பார்க்கிற பெண்ணின் பெயர் பதிவேட்டில் மரிய டெல்பின், எல்லாரும் கூப்பிடுவது டெல்பின். கீழக்கரையிலிருந்து வருகிற கொள்முதல் மேற்பார்வையாளரைப் பதிவேட்டில் முகம்மது ஜெய்னுலாப்தீன் என்று எழுதியிருந்தது. அலுவலகத்தில் பாதிப் பேர் அவரை ‘பாய்’ என்றார்கள். அவரிடம் நேராகவே கேட்டேன், “உங்களை எப்படிக் கூப்பிடணும்?” என்று. கொஞ்சம் யோசித்து, “எங்க ஊர்ல சின்னவங்க எல்லாம் ஜெய்னு காக்கான்னு கூப்பிடுவாங்க” என்றார். கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள். “அப்ப நானும் அப்படியே கூப்பிடட்டுமா?” என்றேன். சிரித்துக்கொண்டே தலையசைத்தார். எல்லாரிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேட்பது நல்லது என்று எனக்கு அன்று தோன்றியது. பெயர் அவருடையது, எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவருக்குத்தான்.

இரண்டு முனியசாமிகளின் விஷயம் இப்படித் தீர்ந்தது. ஒருவர் வண்டி ஓட்டுகிறவர், வழுதூரில் வீடு. இன்னொருவர் எடை போடுகிறவர், மண்டபத்துக்காரர். அலுவலகத்தில் இருவருக்கும் அடையாளப் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்று வேலையை வைத்து வந்தது, ‘வண்டி முனியசாமி’. மற்றொன்று அவர் உடம்பை வைத்து வந்தது, அதை இங்கே எழுத மாட்டேன். இருபது வருஷம் கூட இருந்தவர்கள் சொன்னால் அது செல்லம். நேற்று வந்த ஒருத்தி சொன்னால் அது கேலி. அதனால் நேரில் இருவரையும் முனியசாமி அண்ணே என்றேன். மற்றவர்களிடம் பேசும்போது ‘எடை போடுற முனியசாமி அண்ணன்’ என்றேன். தாளில் அவர்களின் இன்ஷியலைச் சேர்த்து எழுதிக்கொண்டேன், சம்பளம் போடும்போது மாறிவிடக் கூடாதே.

மத்தியானம்தான் என் முறையில் இருந்த ஓட்டை தெரிந்தது. பதினொன்றில் ஒன்பது பெயர் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனேன். அங்கே எல்லாரும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். ஊறுகாய் நீட்டிய பையனுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், பெயர் வரவில்லை. ஜன்னலோரக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தால் அவர் கார்த்திக் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் இல்லாத இடத்தில் தெரியவில்லை. நான் மேஜைகளின் பெயரைத்தான் கற்றிருந்தேன், முகங்களின் பெயரை இல்லை. வரைபடம் போட்டுப் படிக்கிறவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். தெரிந்துகொண்டோம் என்று நம்புவதற்கு முன்னால், ஆளை அவர் இடத்தைவிட்டு வேறெங்காவது பார்த்துச் சொல்ல முடிகிறதா என்று சோதிக்க வேண்டும், டீக்கடையில், தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில், கேட்டில்.

அங்கேயே கேட்டுவிட்டேன். “தம்பி, காலைலேருந்து பதினோரு பேரு கேட்டிருக்கேன், உங்க பேரு வாய் நுனியில நிக்குது, இன்னொரு தடவை சொல்லிடுங்க.” “கார்த்திக் மேடம்” என்றார், ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. முதல் நாளில் இரண்டாம் தடவை கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, அக்கறை என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் போனால் அது கொஞ்சம் கூச்சம். ஆறு மாதம் போனால் அது ஒரு காயம். சரி, கார்த்திக்குக்கு என்ன பிடிமானம் வைப்பது? மண்டபம் கேம்ப்பிலிருந்து சைக்கிளில் வருகிறார், மழைக்காலத்திலும் சைக்கிள்தான் என்று பேச்சில் வந்தது. அதை வைத்துக்கொண்டேன்.

நண்டு உரிக்கிற கூடத்துக்கு மூன்று மணிக்குப் போனேன். உள்ளே போக வேண்டும் என்றால் வெள்ளைக் கோட், தலைக்குத் தொப்பி, முகக்கவசம், முழங்கால் வரை கம் பூட்ஸ், வாசலில் குளோரின் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே. அங்கே இருக்கிற எல்லாருக்கும் கண் மட்டும்தான் தெரியும். டெல்பின் காலை வட்டத்துக்கு வரவில்லை, சரக்கு வந்திருந்தது. கவசத்தோடுதான் முதலில் பார்த்தேன். “நான் டெல்பின் மேடம், பாம்பன்” என்றார். முகம் இல்லாத ஒருவரை எப்படி நினைவில் வைப்பது? குரலை வைத்துக்கொண்டேன். அவர் ‘மேடம்’ என்பதில் முதல் எழுத்தை இழுத்துச் சொல்வார். தட்டில் இருக்கிற நண்டுச் சதையை விரல் நுனியால் ஒதுக்கி, சின்ன ஓட்டுத்துண்டு இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்க்கிற வேகத்தையும் வைத்துக்கொண்டேன். முகம் பார்க்காமல் இந்தப் பெயர் முடியவில்லை என்பதையும் தாளில் டெல்பின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடாகப் போட்டு வைத்தேன்.

சாயங்காலம் ராமநாதபுரம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. தாள் பையில் இருந்தது, எடுக்கவில்லை. எடுத்துப் படித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பார்க்காமல் மனசிலிருந்து இழுத்து எடுக்கிறதில்தான் பெயர் பதிகிறது. 1978-இல் லேண்டவர், பியார்க் என்ற இருவர் பெயர்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். கேட்டவுடனே ஒரு தடவை நினைவுபடுத்திப் பார்ப்பது, பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, அடுத்தது இன்னும் கூட இடைவெளி விட்டு என்று விரித்துக்கொண்டே போனால் நன்றாக நிற்கிறது என்று கண்டார்கள். நான் காலையில் வட்டம் முடிந்ததும் ஒரு தடவை செய்துவிட்டேன், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை. இது நான்காவது.

எனக்கு பஸ் பாதையே பட்டியலாகிவிட்டது. எல்லாரும் எங்கே ஏறுகிறார்கள் என்று கேட்டு வைத்திருந்தேன் அல்லவா. பஸ் கிளம்புவதற்கு முன்னால் கிழக்கே, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களை எண்ணினேன். பாம்பன் டெல்பின், தங்கச்சிமடம் சந்தியாகு அண்ணன், ராமேஸ்வரம் நம்புராஜன் அண்ணன். மண்டபத்தில் எடை போடுகிற முனியசாமி அண்ணன், டீ போடுகிற பாக்கியம் அம்மா. பாக்கியம் அம்மாவின் பெயரை அன்று காலையில் முதல் டீயை வாங்கும்போதே கேட்டுவிட்டேன், பழைய கடன் அது. பஸ் நகர்ந்தது. மண்டபம் கேம்ப், சைக்கிள் கார்த்திக். வேதாளை வந்தது, யார் என்று தெரியவில்லை. பஸ் நின்று ஆள் இறங்கி, விசில் அடித்து, மறுபடி வேகம் எடுக்கிற வரைக்கும் வரவில்லை. சுந்தரமுடையான் பக்கம் போகும்போது பர்வீன் என்று வந்தது, சரக்கு விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண். அப்படிச் சிரமப்பட்டு வந்த பெயர் அதற்குப் பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை. உச்சிப்புளியில் ஜெய்னு காக்கா, கீழக்கரையிலிருந்து பைக்கில் வந்து அங்கேதான் மெயின் ரோட்டில் ஏறுவார். பெருங்குளம், காளீஸ்வரி அக்கா. வழுதூர், வண்டி ஓட்டுகிற முனியசாமி அண்ணன். ராமநாதபுரம் வந்தால் மேனேஜர். அவரை எல்லாரும் சார் என்றுதான் சொல்வார்கள், ஆனால் பெயர் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தது.

மறுநாள் காலையில் மண்டபத்தில் இறங்கியபோது, எதிர்ப்பக்கம் ராமேஸ்வரத்திலிருந்து வருகிற பஸ்ஸும் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினார். கனகாம்பரம் வைத்திருந்தார், சின்ன மூக்குத்தி. என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு யாரென்று தெரியவில்லை, பதிலுக்குச் சிரித்தேன். “குட் மார்னிங் மேடம்” என்றார். அந்த இழுவை. “டெல்பின்தானே? நேத்து உங்க குரல் மட்டும்தான் தெரியும், முகத்தை இப்பத்தான் பார்க்கிறேன்” என்றேன். பெயரைச் சொன்னதில் அவருக்குச் சந்தோஷம், முகம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டதில் அதைவிடச் சந்தோஷம் என்று நினைக்கிறேன். “எல்லாரும் அப்படித்தான் மேடம். வாரக் கணக்குல வேலை பார்த்துட்டு, கோயில்ல பார்த்தா யாருன்னு தெரியாமப் போயிடுவாங்க” என்றார். உள்ளே போவதற்கு முன்னால் பூவை எடுத்து ஒரு காகிதத்தில் சுற்றி டிபன் பாக்ஸ் பையில் வைத்தார், கூடத்துக்குள் பூ வைக்கக் கூடாது. கேட்டில் சந்தியாகு அண்ணனுக்கு இருவரும் ஒன்றாக வணக்கம் சொன்னோம். நான் பெயரோடு சொன்னேன்.

அன்றும் ஒரு தப்பு நடந்தது. பர்வீனிடம் பேசிக்கொண்டிருந்து திரும்பியபோது காளீஸ்வரி அக்காவை பர்வீன் என்று கூப்பிட்டுவிட்டேன். சொன்னது என் காதிலேயே விழுந்ததால், “காளீஸ்வரி அக்கா” என்று உடனே திருத்திச் சொல்லிவிட்டு, கேட்க வந்த விஷயத்தைக் கேட்டேன். நீளமாக மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்த வேலையை அவருக்குக் கொடுப்பது நியாயமில்லை.

சாயங்காலம் அதே பஸ்ஸில் காளீஸ்வரி அக்காவும் ஏறினார். பக்கத்தில் இடம் போட்டு வைத்தேன். சம்பளக் கணக்கை இருபது வருஷமாக அவர்தான் பார்க்கிறார், என்ன என்ன எங்கே இருக்கிறது என்று உச்சிப்புளி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் எப்படி ஓட்டினார்கள், ஜூன் பதினைந்துக்குப் பிறகு எப்படிச் சரக்கு குவியும் என்றெல்லாம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

பெருங்குளம் நெருங்கும்போது பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏத்தா, நீ எல்லாரு பேரையும் சொல்லிக் கூப்பிடுற. நாங்க ரெண்டு நாளா ஒன்ன மேடம் மேடம்னே சொல்லிக்கிட்டுத் திரியுறோம். நேத்து பேரு சொன்னே, எனக்கு மறந்து போச்சு. என்ன பேரு சொன்னே?”

சொன்னேன். ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“ஊரு பரமக்குடின்னுதானே சொன்னே? அங்க எங்க சித்தி மக இருக்கா...” என்று தொடங்கினார். அதற்குள் கண்டக்டர் பெருங்குளம் என்று சத்தம் கொடுத்தார். எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லி, என் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.